தேயிலைச் சரிவில் எடுத்த லெவல் கணக்கு: ஏற்ற இறக்க முறையா, கருவி உயர முறையா?

லெவல் புத்தகத்தில் எழுதிவந்த அளவீடுகளிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் மட்டத்தையும் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. கருவி உயர முறையில், மட்டம் தெரிந்த புள்ளியின் மட்டத்தோடு அங்கே எடுத்த பின்னோக்கு அளவீட்டைக் கூட்டிக் கருவியின் கிடையான பார்வைக்கோட்டின் உயரத்தைக் கண்டுகொண்டு, கருவியை நகர்த்தும் வரை பார்த்த எல்லா அளவீடுகளையும் அந்த உயரத்திலிருந்தே கழிக்கிறோம். ஏற்ற இறக்க முறையில் பார்வைக்கோட்டின் உயரம் கணக்கிலேயே வருவதில்லை. முந்தைய அளவீட்டிலிருந்து அடுத்ததைக் கழிக்கிறோம், விடை நேர்க்குறியானால் ஏற்றம், எதிர்க்குறியானால் இறக்கம், அதை முந்தைய மட்டத்தோடு சேர்த்துக்கொண்டே போகிறோம். தவறில்லாமல் செய்தால் இரண்டும் ஒரே மட்டங்களைத்தான் தரும். ஆகவே எது மேல் என்ற கேள்வி, தவறு நேர்ந்தால் எது காட்டிக்கொடுக்கும் என்ற கேள்விதான்.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவு ஒன்றில், மழைநீர் வாய்க்காலுக்காக A முதல் H வரை லெவல் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். A-யின் மட்டத்தை 100.000 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். கருவி மூன்று இடங்களில் நின்றது. ஒரு நிலையில் முதலில் பார்ப்பது பின்னோக்கு, கடைசியில் பார்ப்பது முன்னோக்கு, நடுவில் பார்ப்பவை இடைநோக்கு. D, F இரண்டும் திருப்புப் புள்ளிகள், அதாவது கருவியை நகர்த்தும் முன்னும் பின்னும் பார்த்த புள்ளிகள்.

| புள்ளி | பின்னோக்கு | இடைநோக்கு | முன்னோக்கு | ஏற்றம் | இறக்கம் | மட்டம் |
|---|---|---|---|---|---|---|
| A | 3.640 | | | | | 100.000 |
| B | | 2.415 | | 1.225 | | 101.225 |
| C | | 1.280 | | 1.135 | | 102.360 |
| D | 3.815 | | 0.395 | 0.885 | | 103.245 |
| E | | 2.050 | | 1.765 | | 105.010 |
| F | 1.105 | | 0.620 | 1.430 | | 106.440 |
| G | | 1.940 | | | 0.835 | 105.605 |
| H | | | 2.870 | | 0.930 | 104.675 |
| கூடுதல் | 8.560 | | 3.885 | 6.440 | 1.765 | |

பின்னோக்குகளின் கூடுதலிலிருந்து முன்னோக்குகளின் கூடுதலைக் கழித்தால் 4.675. ஏற்றங்களின் கூடுதலிலிருந்து இறக்கங்களின் கூடுதலைக் கழித்தாலும் 4.675. கடைசி மட்டத்திலிருந்து முதல் மட்டத்தைக் கழித்தாலும் அதே 4.675. மூன்றும் ஒன்றானால் கணக்கு மூடியது என்கிறோம்.

இதே அளவீடுகளைக் கருவி உயர முறையில் போட்டால் பார்வைக்கோட்டின் உயரங்கள் 103.640, 107.060, 107.545 என்று வரும். அதில் C-யின் மட்டம் 103.640-லிருந்து 1.280-ஐக் கழித்து 102.360. எழுதும்போது இலக்கம் இடம் மாறி 102.630 என்று விழுந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல். D-யின் மட்டம் C-யைத் தொடாமல் நேராகப் பார்வைக்கோட்டிலிருந்து வருவதால், கடைசி மட்டமும் சரியாக 104.675 என்றே நிற்கும், வழக்கமான சரிபார்ப்பும் தேறிவிடும். C-யில் மட்டும் வாய்க்காலின் அடிமட்டம் 27 சென்டிமீட்டர் பிசகியிருக்கும்.

கருவி உயர முறையிலும் முழுச் சரிபார்ப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கருவி உயரத்தையும் அதிலிருந்து கணக்கிட்ட புள்ளிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நம் கணக்கில் முறையே மூன்று, இரண்டு, இரண்டு புள்ளிகள், மொத்தம் 740.130. அதிலிருந்து இடைநோக்கு, முன்னோக்கு அனைத்தின் கூடுதலான 11.570-ஐக் கழித்தால் 728.560. A நீங்கலாக எல்லா மட்டங்களையும் கூட்டினாலும் 728.560 வர வேண்டும், வருகிறது. சரியான வழிதான், ஆனால் மாலையில் மூடுபனி இறங்கும் நேரத்தில் புத்தகத்தை மூடத் துடிப்பவர் எவரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

ஏற்ற இறக்க முறையில் ஒவ்வொரு புள்ளியும் முந்தையதன் தோளில் நிற்பதால் இடைநோக்கில் நேர்ந்த கணக்குத் தவறும் கடைசி வரை தொடர்ந்து வருகிறது. அதைவிடப் பெரிய பயன், மூன்று விடைகளில் எது விலகுகிறது என்பதே தவறு எங்கே என்று சொல்லிவிடுவது. B-யிலிருந்து C-க்கு ஏற்றத்தை 1.155 என்று தவறாகக் கழித்திருந்தால், இரண்டாம் விடையும் மூன்றாம் விடையும் சேர்ந்து 4.695 ஆகும், முதல் விடை மட்டும் 4.675 ஆக நிற்கும்; அப்போது கழித்தலைத் தேட வேண்டும். முதல் இரண்டும் ஒத்து, மட்டங்களின் வித்தியாசம் மட்டும் 4.945 என்று வந்தால், தவறு மட்டம் கூட்டிய இடத்தில். பிசகு 0.270, அதாவது 270 மில்லிமீட்டர். ஒன்பதால் மீதியின்றி வகுபடுவதால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்ற ஐயம் முதலில் எழும். G-யின் இறக்கம் 0.835-ஐ ஏற்றப் பத்தியில் எழுதிவிட்டால் பிசகு அதைப்போல் இரு மடங்காக, 1.670 என்று வரும். ஆகவே பிசகின் பாதியை இரண்டு பத்திகளிலும் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்தச் சரிபார்ப்பைப் பக்கத்துக்குப் பக்கம் செய்ய வேண்டும். பக்கத்தின் கடைசி அளவீடு இடைநோக்காக இருந்தால், அதை முன்னோக்குப் பத்தியில் எழுதி, அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அதே எண்ணைப் பின்னோக்காகக் கொண்டுபோனால் ஒவ்வொரு பக்கமும் தனியாக மூடும்.

வேகத்தில் கருவி உயர முறையே முந்தும். சமன்செய்த மனையில் ஒரே நிலையிலிருந்து நாற்பது ஐம்பது புள்ளிகள் பார்க்கும்போதும், வேலை நடக்கையில் குறித்த மட்டத்துக்குப் புள்ளியில் நிறுத்தும் அளவுகோலான ஸ்டாஃபில் என்ன எண் தெரிய வேண்டும் என்று கண்டுபிடிக்கும்போதும் நானும் அதைத்தான் எடுப்பேன். சரிவில் நிலைமை வேறு. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் கருவியின் பார்வைக்கோடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், மேட்டுப் பக்கம் ஏழு மீட்டரிலேயே அது தரையைத் தொட்டுவிடும்; பள்ளத்துப் பக்கம் 13 மீட்டரில் நான்கு மீட்டர் ஸ்டாஃபின் தலை முடிந்துவிடும். ஒரு நிலையில் இரண்டு மூன்று புள்ளிகளே கிடைப்பதால் கருவி உயர முறையில் மிச்சப்படும் உழைப்பு மிகக் குறைவு. அதற்காக இடைநோக்குகளைச் சரிபார்க்காமல் விடுவது நட்டம்.

ஆனால் கணக்கு மூடுவது வேறு, வேலை மூடுவது வேறு. C-யில் 1.280-ஐ 1.820 என்று படித்து எழுதியிருந்தால், ஏற்றம் B–C-யில் 0.595 ஆகக் குறைந்து C–D-யில் 1.425 ஆகக் கூடும். மொத்தம் அதே 2.020 என்பதால் இரண்டு முறைகளுமே வாயைத் திறக்காது. திருப்புப் புள்ளியில் தவறாகப் படித்தாலும் கணக்கு மூடத்தான் செய்யும். A-க்குத் திரும்பி லெவல் எடுத்தால்தான் அது வெளிப்படும். போகவர 200 மீட்டர் என்றால், கிலோமீட்டரில் எழுதிய தூரத்தின் வர்க்கமூலத்தை 12 மில்லிமீட்டரால் பெருக்கும் வரம்பின்படி ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர் வரை ஏற்கலாம். அது ஸ்டாஃபின் 5 மில்லிமீட்டர்க் கட்டம் ஒன்றுக்குச் சற்றே கூடுதல்.

திரும்பி வந்து மூடினாலும் மலையில் ஒரு பிழை தப்பிவிடும். பார்வைக்கோடு கிடையாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால், ஏறும்போது 13 மீட்டர்ப் பின்னோக்குக்கும் ஏழு மீட்டர் முன்னோக்குக்கும் இடையிலுள்ள ஆறு மீட்டரின் பிழை ஒவ்வொரு நிலையிலும் சேர்கிறது. அதே வழியில் இறங்கும்போது தூரங்கள் தலைகீழாவதால் அந்தப் பிழை அப்படியே கழிந்து, மேல் புள்ளிகளின் மட்டங்கள் தவறாக இருக்கும்போதே A-யில் 100.000 வந்து நிற்கும். சரிவின் குறுக்கே விலகிக் கருவியை வைத்து இரு பார்வைகளின் தூரத்தையும் சமமாக்கினால்தான் இது நீங்கும். அதற்கு இடம் இல்லாவிட்டால், ஏறத் தொடங்கும் முன்பே இரண்டு முளைகளை அடித்துக் கருவியின் பார்வைக்கோட்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.