காரைக்குடியில் ஜவுளிக்கடைக்கு எந்த ஒப்பந்தம்?

நீங்கள் பார்த்த இரண்டு கடைகளில் முதலாவதற்கு மாத வாடகை 20,000. ஆண்டுதோறும் 10% ஏறும். இரண்டாவதற்கு 22,000, மூன்று வருடம் ஏறாது. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். மூன்று வருடத்துக்குக் கூட்டினால் அது 7,94,400, இது 7,92,000. அதிலும் இரண்டாவதில் உள்வேலைக்கு இரண்டு மாதம் வாடகை கிடையாது, 44,000 மிச்சம்.

இடையில் காலி செய்ய முடியாத லாக்-இன் காலம்தான் பெரிய வித்தியாசம். முதலாவதில் மூன்று வருடம். வியாபாரம் படுத்து ஒன்றரை வருடத்தில் காலி செய்தால், மீதி வாடகை 4,22,400 கேட்டு உரிமையாளர் வழக்குப் போடலாம். இரண்டாவதில் ஒரே வருடம். அந்த லாக்-இன் உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அலமாரி அடித்து முடித்ததும் உங்களைக் கிளப்பலாம்.

நான் இரண்டாவதையே எடுப்பேன், ஒரு திருத்தத்தோடு. காலி செய்யும்போது கடையைப் பழையபடி ஆக்கித்தர வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தம். நீங்கள் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கும் கூலியும் உங்கள் தலையில்தான். ‘தரை நீங்கலாக’ என்று எழுதி வாங்கி, அப்புறம் பதிவு செய்யுங்கள்.