ஸ்கோர் 98%, ஆனா போன் மட்டும் அடிக்கல

ஆன்லைன் விளம்பரத்த ஏஜென்சி கையில விட்டிருக்கவங்க இத ஒருதடவ படிச்சிடுங்க. எங்க தையல் மெஷின் சர்வீஸோட கூகுள் ஆட்ஸ் அக்கவுண்ட்ட ஒரு ஏஜென்சி பாத்துக்கிட்டாங்க (பேரு வேணாம், விடுங்க), மாசக் கடைசி ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 61லேருந்து 98 ஆயிடுச்சு, கன்வர்ஷன், அதாவது விளம்பரத்த கிளிக் பண்ணவங்க நாம கஸ்டமர் கணக்குல சேக்கற ஒண்ண செஞ்ச எண்ணிக்கை, டபுள்னு கொட்ட எழுத்துல போட்டு அனுப்புனாங்க. ஆனா ரிப்பேருக்குன்னு வர்ற கால் பாதியா கொறஞ்சு போச்சு, பட்ஜெட் மட்டும் தெனமும் சுத்தமா காலி.

சேஞ்ச் ஹிஸ்டரிய தெறந்து பாத்தா ஆளு கை வச்சதே இல்ல, வரிசையா எல்லாம் ஆட்டோ அப்ளை, கூகுள் தன்னோட யோசனைய தானாவே போட்டுக்கிட்டது. அதுல ரெண்டு மாத்தம்தான் எங்களுக்கு வேட்டு வச்சது. அதே அர்த்தத்துல தேடுறவங்களுக்கு மட்டும் காட்டுற ஃப்ரேஸ் மேட்ச்ல இருந்த ‘தையல் மெஷின் சர்வீஸ்’ங்கற கீவேர்ட, லேசா சம்பந்தம் இருந்தாலே காட்டுற பிராட் மேட்ச் ஆக்கிருச்சு, ஏலத்துல தொகை கேக்கற பிட்டிங்க, பட்ஜெட்டுக்குள்ள கன்வர்ஷன் எண்ணிக்கைய கூட்டப் பாக்கற மேக்ஸிமைஸ் கன்வர்ஷனுக்கு மாத்திருச்சு. சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்ல பாத்தா தையல் கிளாஸ், தையல் வேலை வேணும், பழைய மெஷின் விலைன்னு தேடுனவன் கிளிக்குக்கெல்லாம் நாங்க காசு கட்டியிருக்கோம்.

அப்ப கன்வர்ஷன் எப்படி ஏறுச்சு? காண்டாக்ட் பக்கத்த தெறந்தாலே ஒரு கன்வர்ஷன்னு செட் பண்ணி வச்சிருக்காங்க, அதுவும் பிட்டிங் பாத்துக் கத்துக்கற பிரைமரியா. வேலை தேடி வர்றவன்தான் அந்தப் பக்கத்த மொதல்ல தெறப்பான், உடனே சிஸ்டம் ‘ஆஹா இவன்தான் கஸ்டமர்’னு கத்துக்கிட்டு அதே மாதிரி ஆளுங்களையே தேடிப் புடிச்சுட்டு வருது. அது தப்பா வேலை செய்யல, நம்ம சொன்னதத்தான் செய்யுது, அதான் கொடுமை.

இந்த ஸ்கோர் ஏலத்துல நம்ம விளம்பரத்த மேல தூக்காது, விளம்பரத்தோட தரத்துக்கான குவாலிட்டி ஸ்கோர் வேற, இது வேற. பிளாட்ஃபார்ம் சொன்ன யோசனைல எத்தனைய பாத்து முடிச்சீங்கங்கறதுக்கான மார்க்கு, அவ்ளோதான். ஒரு ரெகமண்டேஷன அப்ளை பண்ணாம டிஸ்மிஸ் பண்ணாலும் ஸ்கோர் ஏறும்! நம்பலன்னா ஒண்ண டிஸ்மிஸ் பண்ணி பாருங்க. ஏஜென்சிக்கு கூகுள் பார்ட்னர் பேட்ஜ் வாங்க இந்த ஸ்கோரும் ஒரு தகுதி, அதனாலதான் ரிப்போர்ட்ல அவ்ளோ பெருசா போடுறாங்க.

எல்லா ரெகமண்டேஷனும் குப்பைன்னு சொல்லல. லிங்க் ஒடஞ்சிருக்கு, கன்வர்ஷன் டேக் வேலை செய்யல, விளம்பரம் ரிஜெக்ட் ஆயிருக்குன்னு வந்தா அன்னிக்கே சரி பண்ணுங்க. பட்ஜெட்ட ஏத்து, பிராட் மேட்ச் போடு, பிட்டிங் மாத்துன்னு வந்தா மட்டும் நிறுத்தி, கன்வர்ஷன்னு எத எண்ணுதுன்னு முதல்ல பாருங்க, போன் வந்த கணக்கோட அது ஒத்துப் போகலன்னா தொடாதீங்க. ஒத்துப் போனாலும் நேரா அப்ளை பண்ணாம எக்ஸ்பெரிமெண்ட்ல பாதி டிராஃபிக்குக்கு மட்டும் ஓட்டிப் பாருங்க.

நாங்க ஆட்டோ அப்ளைய மொத்தமா ஆஃப் பண்ணி, காண்டாக்ட் பக்கத்த சும்மா கணக்குக்கு மட்டும் இருக்கற செகண்டரிக்கு தள்ளிட்டு, போன் கால மட்டும் பிரைமரியா வச்சோம், கீவேர்டும் பழையபடி ஃப்ரேஸ் மேட்ச். ஏஜென்சிகிட்ட இதச் சொன்னதுக்கு ‘சார், ஸ்கோர் இறங்கிடுமே’ன்னு பதில் வந்துச்சு. இறங்கட்டும்னுட்டேன், அட்மின் அக்சஸையும் எடுத்தாச்சு.