திருக்கடையூர் விழாவும் வராத ஓடிபியும்

அப்பாவின் சதாபிஷேகத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் போய்ப் பத்து நாட்கள் இருந்துவிட்டு வந்தேன். விமானம், ரயில், திருக்கடையூரில் பூஜை ஏற்பாடு எல்லாம் குறையின்றி நடந்தன. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நாள் முழுவதையும் விழுங்கிய ஒரு குறுஞ்செய்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டு சிம்களோடு ஊருக்குப் போகும் எவருக்கும் இது நேரலாம்.

சமையல் பொறுப்பை ஏற்றவர் முன்பணத்தை யுபிஐயில் போடச் சொன்னார். பழைய நாட்களில் பணத்தை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்திருப்போம். என்னிடம் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்கு இருந்தது, அதோடு இணைந்த இந்திய எண்ணும் உயிரோடு இருந்தது. ஆனால் போன் புதியது என்பதால் யுபிஐ செயலியை முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஐபோனில் சிங்கப்பூர் எண் இசிம்மாகவும், இந்திய எண் சாதாரண சிம்மாகவும் இருந்தன.

யுபிஐ பதிவில் முதல் குறுஞ்செய்தி நமக்கு வருவதில்லை, நம் போனிலிருந்துதான் போக வேண்டும். ஏதோ ஓர் எண்ணுக்கு, பொருளற்ற எழுத்துகள் வரிசையாக நிற்கும் செய்தி ஒன்று போகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து, வங்கியில் பதிவான எண்தானா என்று மறுமுனையில் ஒப்பிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் எந்த சிம் என்று செயலியே கேட்டு, தானே அனுப்பிவிடும். தங்கையின் போனில் அப்படித்தான் நடந்தது. ஐபோனில் எந்தச் செயலியும் தானாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. எழுதி முடித்த செய்தியைத் திறந்து காட்டும், அனுப்பும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். அப்படித் திறக்கும் புதிய செய்தி, நாம் மாற்றாதவரை, போனில் இயல்பான இணைப்பாக வைத்திருக்கும் எண்ணிலிருந்தே போகும். என் போனில் அது சிங்கப்பூர் எண்.

மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும், எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை என்று செயலி சொன்னது. அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ரோமிங் கட்டணம் சிங்கப்பூர் டாலரில் ஏறிக்கொண்டிருந்ததை மாலையில்தான் பார்த்தேன்.

வங்கிக் கிளைக்குப் போனேன். சிறு வயதில் அப்பாவோடு போய், பாஸ்புத்தகம் அச்சாகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அதே கிளை. கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "நம்பர் சரியாத்தான் சார் இருக்கு, நெட்வொர்க் பிரச்சனையா இருக்கும், நாளைக்கு டிரை பண்ணுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சிங்கப்பூரில் பெரிய வங்கிகள் 2024-இலிருந்து, போனில் உள்ள வங்கிச் செயலியிலேயே அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு இணைய வங்கி நுழைவில் ஓடிபி அனுப்பும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட்டுவிட்டன. குறுஞ்செய்திக்காக நான் கடைசியாக எப்போது காத்திருந்தேன் என்பதே நினைவில்லை.

விடை பேருந்து நிலையத்துக்கு எதிரே, போன் உறை விற்கும் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. கடைக்காரருக்கு முப்பது வயது கூட இருக்காது. போனை வாங்கி ஒரே கேள்வி கேட்டார்: "அண்ணே, மெசேஜ் எந்த நம்பர்லேர்ந்து போகுதுன்னு பாத்தீங்களா?" செயலியை மறுபடி திறந்து, அனுப்பும் முன் நிறுத்தி, செய்தியின் மேற்புறத்தில் பெறுநர் எண்ணுக்குக் கீழே இருந்த சிறிய வரியைக் காட்டினார். அதில் சிங்கப்பூர் எண்ணின் பெயர் இருந்தது. அதைத் தொட்டு இந்திய எண்ணுக்கு மாற்றி அனுப்பினார். சில நொடிகளில் கணக்கு திரையில் வந்துவிட்டது.

மற்ற சிம்மை அணைத்துவிடு என்று பலரும் சொல்லும் யோசனை இந்தக் கட்டத்தில் பலிப்பது, வெளியே போவதற்கு ஒரே எண்தான் மிஞ்சும் என்பதால்தான். உள்ளே வரும் செய்திக்கும் இயல்பு இணைப்புக்கும் தொடர்பே இல்லை. எந்த எண்ணுக்கு அனுப்பினார்களோ அந்த சிம்முக்கே அது வந்து சேரும். இது புரியாமல், சிம்முக்குச் சம்பந்தமில்லாத சிக்கலுக்கும் சிம்மைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் அடுத்த அரை மணி நேரம் அதைத்தான் செய்தேன்.

ஏனென்றால், யுபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களையும் காலாவதி மாதத்தையும் கொடுத்ததும் வங்கி அனுப்ப வேண்டிய ஓடிபி வரவில்லை. இம்முறை உள்ளே வர வேண்டிய செய்தி. தங்கையை அழைத்து இந்திய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னேன், உடனே வந்தது. ஆகவே சிம்மில் பழுதில்லை, வங்கிதான் அனுப்பவில்லை என்று முடிவு கட்டினேன். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "தங்கச்சி நம்பரை நீங்க சேவ் பண்ணியிருப்பீங்க. என் நம்பர்லேர்ந்து அனுப்புறேன், இருங்க" என்று தன் போனிலிருந்து அனுப்பினார். மணி ஒலிக்கவில்லை, திரையிலும் ஒன்றும் தெரியவில்லை. செய்திகளின் மேல் மூலையிலிருந்த Filters என்பதைத் தொட்டு Unknown Senders பட்டியலைத் திறந்தார். அங்கே அவருடைய "டெஸ்ட்" என்ற செய்தி இருந்தது. அதற்குக் கீழே வங்கி அனுப்பியிருந்த நான்கு ஓடிபிகளும், காலம் கடந்து, வரிசையாகக் கிடந்தன.

சென்ற ஆண்டு வேலை தருவதாக வந்த மோசடிச் செய்திகளுக்குப் பயந்து, போனின் செய்தி அமைப்பில் Filter Unknown Senders என்பதை நானே இயக்கியிருந்தேன். தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களின் செய்திகளை அது தனியே ஒதுக்கும், அறிவிப்பும் தராது. வங்கிச் செய்தியில் எண்ணுக்குப் பதிலாக அனுப்புநர் பெயராக வரும் தலைப்பு எவருடைய தொடர்புப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஊரில் அந்தத் தலைப்பு ஒரே மாதிரியும் வருவதில்லை. முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகள் எந்த நிறுவனத்தின் வழியாக, எந்த வட்டாரத்திலிருந்து வருகிறது என்பதைக் குறிப்பதால், ஒரே வங்கி சில நாள் VM என்றும் சில நாள் AD என்றும் தொடங்கும். ஒன்றைத் தொடர்பில் சேர்த்தாலும் அடுத்தது தப்பிவிடும். 2025-இலிருந்து கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது: விளம்பரத்துக்கு P, சேவைக்கு S, பரிவர்த்தனைக்கு T, அரசுக்கு G. என் நான்கு ஓடிபிகளும் T என்று முடிந்திருந்தன. பார்த்தவுடன் வேறுபாடு தெரியும் இவ்வளவு தெளிவான குறியீட்டை, என் போனின் வடிகட்டி கண்டுகொள்ளவே இல்லை.

வடிகட்டியை அணைத்துவிட்டு ஐந்தாவது ஓடிபியைக் கேட்டேன். கடைக்காரர் கையிலிருக்கும்போதே போன் மணியடித்தது. எண்களைப் பார்க்காமல் என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார், கடைசியில் ஒரு போன் உறை வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த அக்கறையை நான் வெளிநாட்டில் எந்தச் சேவை மையத்திலும் கண்டதில்லை.

சமையல்காரருக்கு முன்பணம் போய்ச் சேர்ந்தபோது இரவு ஏழரை. "வந்துடுச்சு சார், ஆனா மத்தியானமே பெரியவர் பாதியக் கையில கொடுத்துட்டாரே" என்றார். நான் வங்கியில் நின்றிருந்த நேரத்தில், அப்பா பீரோவிலிருந்து பணத்தை எடுத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்தனுப்பியிருக்கிறார்.