ஓட்டோவின் நோட்டு, என் நோட்டு, என் கைப்பேசி

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குச் சொல்லெல்லாம் மனப்பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. எந்த எழுத்தாளர் ‘கறுப்பு’ என்று எழுதுவார், எவர் ‘கருப்பு’ என்பார், ‘அருகாமை’ என்ற சொல்லைக் கண்டாலே யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் பதினான்கு ஆண்டுகளாக ஒரு நீள நோட்டில் இருக்கின்றன. ஓரத்தைக் கத்தரித்து அ, ஆ, இ என்று படிக்கட்டுபோல ஆக்கி வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு ஆண்டுகள் அதைக் கைப்பேசிக்கு மாற்றிப் பார்த்தேன். பிறகு நோட்டுக்கே திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாமல் இருந்தது. சொல்லித் தந்தது ஒரு தத்துவக் கட்டுரை.

1998இல் ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் அதை எழுதினார்கள். அதில் இங்கா என்றொரு பெண் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கிளம்புகிறாள். அது 53ஆவது தெருவில் இருப்பது ஒரு கணம் யோசித்ததும் நினைவுக்கு வருகிறது, போகிறாள். ஓட்டோவுக்கு அல்சைமர் நோய். தெரிந்துகொள்வதையெல்லாம் எப்போதும் கையிலிருக்கும் நோட்டில் எழுதிவைப்பவர். அவரும் நோட்டைப் புரட்டுகிறார், 53ஆவது தெரு என்று பார்க்கிறார், போகிறார். இங்கா யோசிப்பதற்கு முன்பே அந்த முகவரி அவளுக்குத் தெரியும் என்று தயங்காமல் சொல்கிறோம். அப்படியானால் நோட்டைத் திறப்பதற்கு முன்பே ஓட்டோவுக்கும் அது தெரியும் என்று ஏன் சொல்லக்கூடாது? இங்காவுக்கு நினைவு செய்யும் வேலையை ஓட்டோவுக்கு நோட்டு செய்கிறது. மண்டை ஓட்டுக்கு உள்ளே, வெளியே என்பதைத் தவிர வேறுபாடு என்ன? மனம் என்பது தோலோடு முடிந்துவிடுவதில்லை என்பதுதான் அவர்கள் வாதம்.

வெளியில் இருக்கும் எல்லாமே மனம் ஆகிவிடாது என்பதற்காகச் சில நிபந்தனைகளும் வைத்தார்கள். பொருள் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். வேண்டியதைச் சிரமமின்றி எடுக்க முடிய வேண்டும். எடுத்ததை மறுபேச்சின்றி நம்ப வேண்டும். முன்பு ஒருநாள் நாமே தெரிந்து ஒப்புக்கொண்டதாக அது இருக்க வேண்டும் என்ற நான்காவதைச் சொன்னார்கள்; ஆனால் அதன்மேல் உறுதியாக நிற்கவில்லை.

முதல் இரண்டிலும் கைப்பேசிக்கே வெற்றி, இதில் பேச ஒன்றுமில்லை. நோட்டை வீட்டில் மறந்துவிட்டு வருவேன், கைப்பேசியை மறப்பதில்லை. நோட்டில் ‘ற’கரச் சொல் ஒன்றைத் தேட அரை நிமிடம் ஆகும், கைப்பேசியில் இரண்டு எழுத்து தட்டினால் போதும். சால்மர்ஸே 2008இல், தன் கைப்பேசி மூளையின் சில முக்கிய வேலைகளை எடுத்துக்கொண்டுவிட்டது என்று எழுதினார். மின்னேற்றம் தீர்ந்துவிடும் என்பதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். நானும்தான் தூங்குகிறேன்.

விஷயம் மூன்றாவது நிபந்தனையில் இருக்கிறது.

ஒரு நாவலின் இரண்டாம் மெய்ப்பு. எழுத்தாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் பக்கத்து வழக்குப்படி ‘கறுப்பு’ என்றே எழுதுபவர். முதல் நூலின்போதே அதைக் குறித்துவைத்திருந்தேன். கைப்பேசியைத் திறந்து பார்த்தேன்; அவர் பெயருக்கு நேரே ‘கருப்பு’ என்று இருந்தது. நம்பினேன். இருநூறு பக்கத்திலும் வல்லின றகரத்தை இடையின ரகரமாக்கி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். “என்ர பிள்ளையளின்ர நிறத்தை மாத்திப்போட்டியள்” என்றார், சிரித்துக்கொண்டுதான். பிறகுதான் புரிந்தது: நான் ‘கறுப்பு’ என்று தட்டி இடைவெளி விட்ட கணத்தில் கீபோர்டு தனக்குப் பழகிய சொல்லை வைத்துவிட்டிருந்தது. திருத்திய தடயமே இல்லை.

தவறு நோட்டிலும் வரும். ஆனால் நோட்டில் மாற்றினால் அடித்தல் தெரியும். என் நோட்டில் ‘எண்ணை’ அடிக்கப்பட்டு மேலே ‘எண்ணெய்’ என்று சிவப்பு மையில் இருக்கிறது; பக்கத்தில் தேதி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. இன்னொருவர் உள்ளே வந்து போனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அந்த நாவலுக்குப் பிறகு கைப்பேசியில் எதைப் பார்த்தாலும், ‘இது நான் எழுதியதுதானா?’ என்று ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடிதான் எல்லாம். கிம் ஸ்டெரெல்னி என்ற தத்துவவாதி இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார். வெளியே இருக்கும் தகவல் பொதுவெளியில் கிடக்கிறது, பிறர் கை அதில் படலாம், ஆகவே அதைப் பயன்படுத்துபவர் காவலோடுதான் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்கிறார். காவல் வந்துவிட்டால் மறுபேச்சின்றி நம்புவது போய்விடுகிறது. சரிபார்த்த பிறகே நம்பும் ஒன்று எனக்கு அகராதி ஆகலாம், உதவியாளர் ஆகலாம், நினைவு ஆகாது.

இங்கே என் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூளையும் தடயமில்லாமல் திருத்துகிறதே! 1974இல் எலிசபெத் லாப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்றும் சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் வேகம் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். மற்றக் குழுவின் 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆக, சத்தமில்லாமல் மாற்றுவதில் நோட்டைவிடக் கைப்பேசிதான் மூளைக்கு நெருங்கிய சொந்தம். வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்லும் கிளார்க்கும் சால்மர்ஸும் இதையே கைப்பேசிக்குச் சாதகமாகத் திருப்பலாம். என் பதில் பாதிதான்: மூளையைச் சந்தேகப்பட்டு ஒவ்வொரு நினைவின் வாசலிலும் நின்று நான் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் முடியாது, கைப்பேசியிடம் கேட்கிறேன்.

இரண்டுமே மனம் அல்ல என்பாரும் உண்டு. பிரெட் ஆடம்ஸ், கென் அய்சாவா இருவரும், ஒன்று மனத்தோடு இணைந்து வேலை செய்வதாலேயே மனத்தின் பகுதி ஆகிவிடாது என்கிறார்கள். நோட்டிலுள்ள எழுத்துக்குத் தன்னளவில் பொருள் கிடையாது, நாம் கொடுத்த பொருள்தான். நம் ஊர் வழக்கில், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் என் தொழிலில் கறியே ஏட்டில்தான் வேகிறது என்பதால் இது என்னை அதிகம் அசைக்கவில்லை.

நான் சொல்வது எழுத்து வடிவத்தைக் குறித்துவைக்கும் ஒருவனின் அனுபவம், அவ்வளவே. திரையை வாசித்துச் சொல்லும் கைப்பேசியோடு வாழும் பார்வையற்றவருக்கு என் நோட்டு வெறும் தாள். உண்மையிலேயே நினைவு இழந்த ஒருவருக்கு, மணி அடித்து மாத்திரையை நினைவூட்டும் பொருள்தான் மேலானதாக இருக்கலாம். அந்த இரண்டு வாழ்க்கையையும் நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

இப்போது நோட்டின் பக்கங்களை மாதம் ஒருமுறை கைப்பேசியில் படமெடுத்து வைக்கிறேன். அந்தப் படங்களை ஒரே ஒருமுறைதான் திறந்திருக்கிறேன், நோட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிய அன்று. மறுநாள் பணிமனையில் அதை வாங்கும்வரை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே வேலை செய்தேன். என் கையெழுத்து, என் சிவப்பு மை, அடித்தல் எல்லாம் அப்படியே இருந்தன. அன்று கைப்பேசியில் பார்த்த எதையும் நான் நின்று சந்தேகப்படவில்லை.