ஃபாரெக்ஸ் கார்டை மூடிய பிறகும் வராத அந்த 88 யூரோ

வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் ஏற்றி எடுத்துப்போகும் ஃபாரெக்ஸ் கார்டை மூடிய பிறகு மீதிப்பணம் குறைவாக வந்திருக்கிறதே, என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

கார்டில் பெரிய குறை சொல்வதற்கில்லை. பணம் ஏற்றிய அன்று என்ன விலையோ, செலவழிக்கும்போதும் அதே விலைதான். ஏற்றிய கரன்சியிலேயே செலவழித்தால் கூடுதல் மாற்றுக் கட்டணமும் கிடையாது. எரிச்சல் முழுக்க மூடும் இடத்தில்தான்.

காரணம் பெரும்பாலும் ஹோல்ட். ஹோட்டலோ வாடகைக் கார் நிறுவனமோ டெபாசிட் என்று ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். அது செலவு அல்ல, அனுமதி மட்டுமே. பிறகு உண்மையான பில் தொகை மட்டும் செட்டில் ஆகும், மிச்சம் விடுபடும். விடுபட சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதற்குள் கார்டை மூடினால், கையிருப்பாகத் தெரியும் 'அவைலபிள் பேலன்ஸ்' மட்டும் ரூபாயாக மாறி வங்கிக் கணக்குக்கு வரும். ஹோல்டில் இருந்த பணம் பிற்பாடு விடுபட்டு, ஏற்கெனவே மூடப்பட்ட கார்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. யாராவது கேட்டாலொழிய அதை வெளியே எடுத்து அனுப்பும் வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "கார்டு மூடியாச்சு, பேலன்ஸ் பூஜ்யம்" என்பார்கள். அவர்கள் திரையில் தெரிவது அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூடிய அன்று ஹோல்டையும் சேர்த்த மொத்த இருப்பு, அதாவது லெட்ஜர் பேலன்ஸ், 468.40 யூரோ. கார் டெபாசிட் ஹோல்ட் 150. ஆகவே அவைலபிள் 318.40, ரூபாயாக வந்தது இது மட்டுமே. பத்து நாள் கழித்து கார் நிறுவனம் டோலுக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து 62 யூரோ எடுத்துக்கொண்டது. 150-இல் 62 போனால் 88. இந்த 88 யூரோதான் கார்டு வழங்கிய நிறுவனம் இன்னும் தர வேண்டியது. ரூபாய்த் தொகை எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது வேறு விஷயம். அது அன்றைய வாங்கும் விலையும் கரன்சி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வருவது. இரண்டையும் நிறுவனத்துக்கு எழுதும் ஒரே புகார்க் கடிதத்தில் கலந்தால், விலை வித்தியாசத்தை விளக்கிவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். எனவே கணக்கை யூரோவிலேயே வையுங்கள்.

நிறுவனம் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. செட்டில் ஆகாத தொகையையும், வழியில் இருக்கும் பரிவர்த்தனைகளுக்காக 100 டாலருக்கு மேற்படாத சிறு தொகையையும் பிடித்து வைக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆனால் அந்த அனுமதி செட்டில்மென்ட் சுழற்சி முடியும் வரைதான். அதற்குப் பிறகும் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கடிதம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டேட்மென்டை முதல் லோடு முதல் இன்று வரைக்கும் கேளுங்கள். மூடிய தேதியோடு நிற்கும் ஸ்டேட்மென்டில் ஹோல்ட் விடுபட்ட வரி இருக்காது. உங்களுக்குத் தேவையானதே அந்த வரிதான். மூடியதும் இணையக் கணக்கு லாகின் நின்றுவிடலாம் என்பதால், மூடுவதற்கு முன்பே ஒரு பிரதியை இறக்கிக்கொள்வது நல்லது. ஹோல்ட் வரி, 62 யூரோ செட்டில் ஆன வரி, இரண்டையும் பேனாவால் வட்டமிட்டு இணையுங்கள். கூடவே கார் நிறுவனத்தின் இறுதி பில், மூடியதற்கான ஒப்புகை, ரூபாய் வந்த நாளின் வங்கிப் பதிவு, ரத்து செய்த காசோலை. கார்டின் கடைசி நான்கு எண்கள் போதும். முழு எண்ணை எழுதாதீர்கள்.

கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

"கடைசி நான்கு எண்கள் ____ கொண்ட கார்டு ____ தேதி மூடப்பட்டது (கோரிக்கை எண் ____). அன்றைய லெட்ஜர் இருப்பு 468.40 யூரோ. திருப்பித் தந்தது 318.40. ஹோல்டில் இருந்த 150 யூரோவில் ____ தேதி 62 மட்டுமே செட்டில் ஆனது (இணைப்பு 1, வட்டமிட்ட வரிகள்). மீதி 88 யூரோவை எனது வங்கிக் கணக்கில் வரவு வைத்து, பயன்படுத்திய மாற்று விலையையும் பிடித்த வரியையும் எழுத்தில் தெரிவிக்கவும். தர இயலாது என்றால், எந்தப் பரிவர்த்தனைக்கு எதிராக இத்தொகை வைக்கப்பட்டுள்ளது என்று குறிப்பிடவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எதிராக வைக்க ஒரு பரிவர்த்தனை இல்லையென்றால், மழுப்பலான பதில் எழுத வழியில்லை.

மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் செய்யாமல் நேரே போனால் அங்கே ஏற்கமாட்டார்கள்.

வெளிநாட்டில் ஒரு நாளும் தடுமாறாத கார்டுதான். ஆனாலும் கேட்டால்தான் மிச்சத்தைத் தருவோம் என்று இருக்கும் நிறுவனத்திடம் அடுத்த பயணத்துக்குப் பணம் ஏற்ற எனக்கு மனமில்லை.