மலையாள மெனுவில் எதைத் தட்டுவது: லென்ஸா, மொழி மாற்றமா, தெரிந்த ஆளா?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களும் பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களும் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொன்னால் பலர் திணறுவார்கள். அப்படி ஒருவர் கையில், திருச்சூரில் வேலை பார்க்கும் தம்பி கொடுத்த ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது என்று வையுங்கள். மொழி மலையாளம். வாட்ஸப் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, வட்டத்துக்குள் i போட்ட குறியைத் தட்டி, ஸ்டோரேஜ் பக்கம் வரை வந்தாயிற்று. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன். ஒன்று, ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்த கேஷை மட்டும் அழிக்கும், அதனால் நஷ்டமில்லை. மற்றது ஆப்பின் டேட்டா முழுவதையும் அழிக்கும். அப்புறம் வாட்ஸப்பில் நம்பர் போட்டு மறுபடி நுழைய வேண்டும். கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த செய்திகள் திரும்பாது.

முதல் வழி கூகுள் லென்ஸ். பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை லென்ஸில் திறந்து மொழிபெயர்க்கச் சொன்னால், மலையாளம் இருந்த இடத்திலேயே தமிழ் வந்து உட்காரும். எந்தப் பட்டன் எது என்று தேட வேண்டியதில்லை. அதுதான் இதன் பெரிய வசதி. ஆனால் பட்டனில் இருப்பது ஓரிரு சொல். முன்பின் வாக்கியம் இல்லாததால் மொழிபெயர்ப்பு தடுமாறும். இரண்டு பட்டனிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ‘அழி’ என்று வந்துவிட்டால் பார்த்தும் பயனில்லை. அப்போது எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, மொழிபெயர்ப்பு ஆப்பில் ஒட்டிப் பார்க்கலாம். மொழியைத் தானே கண்டுபிடிக்க விடாமல் மலையாளம் என்று நாமே குறித்துவிடுவது நல்லது. நீளமான பிழைச் செய்திக்கு லென்ஸ் நன்றாகவே உதவும். சிறு பட்டனுக்கு அதை மட்டும் நம்பித் தட்ட மாட்டேன்.

இரண்டாவது வழி, படத்தை விட்டுவிட்டு போனின் மொழியையே மாற்றுவது. வாசிக்கத் தெரியாமல் எப்படிப் போவது என்று தோன்றும். செட்டிங்ஸ் என்றால் பல்சக்கரக் குறி. உள்ளே மொழிப் பகுதி எங்கே இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த இடத்தைத் தேட மட்டும் லென்ஸ் போதும், அங்கே தவறாகத் தட்டினாலும் பின்னே வந்துவிடலாம். மொழிப் பட்டியலுக்குப் போய்விட்டால் கவலையில்லை, ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். ‘தமிழ்’ என்று கண்ணில் படும். மாற்றிய பிறகு வருவது போன் தயாரித்தவர்கள் அந்தத் திரைக்கென்றே எழுதிய தமிழ். கேஷுக்கும் டேட்டாவுக்கும் வேறுவேறு சொல் இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரே குறை, பணம் அனுப்பும் ஆப் காட்டும் பிழைச் செய்திகள். அவற்றில் சில சர்வரிலிருந்தே ஆங்கிலத்தில் வரும். போனின் மொழியை மாற்றினாலும் மாறாது. அதற்கு மட்டும் லென்ஸுக்குத் திரும்ப வேண்டும். அதிலுள்ள எண்ணையோ குறியீட்டையோ அப்படியே குறித்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

மூன்றாவது, மலையாளம் படிக்கத் தெரிந்த ஆள். பக்கத்து வீட்டு சேச்சியோ கல்லூரிக்குப் போகும் பையனோ ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து, ‘வலது பக்கம் இருக்கிறதைத் தட்டுங்கக்கா, இடது வேண்டாம்’ என்று சொன்னால் வேலை முடிந்தது. போனைக் கையில் வாங்கி அவர்களே தட்டிவிடுவதைத்தான் நான் விரும்புவதில்லை. அடுத்த தடவையும் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும். படத்தை அனுப்பும் முன் மேலே நோட்டிஃபிகேஷனில் ஓடிபி, அக்கவுண்ட் நம்பர் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்து வெட்டிவிடுங்கள்.

வங்கி ஆப் என்றால் கதையே வேறு. பல ஆப்கள் பாதுகாப்புக்காக ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடாது, எடுத்தாலும் கறுப்பாக வரும். இன்னொரு போனின் கேமராவை லென்ஸில் திறந்து திரைமேல் நேராகப் பிடித்துப் படிக்கலாம். பின் நம்பர் கேட்கும் பக்கமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

எந்த வழியில் வந்தாலும் தட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு. பெரும்பாலான போன்களில் கேஷ் பட்டன் எதுவும் கேட்காமல் அழித்துவிடும், கேஷின் அளவு பூஜ்யத்துக்கு இறங்கும். டேட்டா பட்டன் அழிக்கும் முன் ஒரு பெட்டி திறந்து உறுதி கேட்கும். பெட்டி வந்தால் எதையும் தட்டாமல் பின்செல்லும் பட்டனை அழுத்திவிடுங்கள். சில கம்பெனிகளின் போனில் இரண்டுக்குமே பெட்டி வரும். மற்ற பட்டனைத் தட்டியும் பெட்டி வந்தால், உடனே எதையும் தட்டாமல் அந்தப் பெட்டியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் போடுங்கள். முழு வாக்கியமாக இருப்பதால் அது பட்டனைவிடத் தெளிவாகவே மொழிபெயரும்.