10 கிலோ அரிசிச் சோறு: வடிப்பதா, வற்றவிடுவதா, ஆவியில் வேகவைப்பதா?

ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்பது அடுப்பங்கரைக் கணக்கு. அதே கணக்கை 10 கிலோவுக்குப் போட்டால் ஏறக்குறைய 24 லிட்டர் வரும், சோறும் குழைந்துவிடும். பச்சரிசி தன் எடையைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு தண்ணீரைத்தான் குடிக்கும். சின்னப் பாத்திரத்தில் மிச்சத் தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது. பெரிய பாத்திரத்தில் அரிசி பல மடங்கு கூடினாலும் ஆவி போகும் மேற்பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் அளவு ஏற ஏற, தண்ணீரின் விகிதம் இறங்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு இது: 10 கிலோ அரிசி, சுமார் 100 பேர், பரிமாறல் மூன்று மணி நேரம் நீளும். கடைசிப் பந்திக்கும் சோறு உதிரியாக, சூடாக இருக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலில் வற்றவிடும் முறை. அளந்து ஊற்றினால் போதும், கஞ்சி வடிக்கும் வேலை இல்லை, எரிவாயுவும் மிச்சம் என்பதால் பலரும் இதில்தான் இறங்குவார்கள். 10 கிலோ நீள பச்சரிசிக்கு ஊறும்போது குடித்ததையும் சேர்த்து 14 முதல் 15 லிட்டர் தண்ணீர் போதும். அரை மணி ஊறிய அரிசி ஏற்கெனவே 3 லிட்டர் அளவுக்கு வாங்கியிருக்கும், ஆகவே கொதிக்க வைப்பது 11 அல்லது 12 லிட்டர்தான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கொதிக்கும் 11 லிட்டரில் 10 கிலோ ஊறிய அரிசியைக் கொட்டினால் சூடு 75 பாகைக்குப் பக்கத்தில் விழுந்துவிடும். அரிசியின் மாவுச்சத்து வீங்கத் தொடங்குவது அந்தச் சூட்டில்தான். மறுபடி கொதி வரும்வரை அரிசியின் மேல்பக்கம் பசையாகும், உள்ளே வேகாது. அடி பிடிக்கும் என்று கிளறினால் அரிசி உடையும், பசை இன்னும் கூடும். முடிவில் அடியில் தீய்ந்தும், நடுவில் குழைந்தும், மேலே நறுக்கென்றும் ஒரே பாத்திரத்தில் மூன்று பதம் கிடைக்கும். இந்த முறை நல்லதுதான், ஆனால் ஒரு பாத்திரத்துக்கு 3 கிலோவைத் தாண்டாதவரை. அதற்கு மேல் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வடிப்பதில் தண்ணீர் அளவு ஒரு பிரச்சினையே இல்லை. 10 கிலோவுக்கு 40 லிட்டர் வைத்தால், அரிசி விழுந்ததும் சூடு 90 பாகை வரைதான் இறங்கும், சீக்கிரம் கொதி திரும்பும். அரிசிகள் ஒன்றோடொன்று உரசாமல் புரள இடம் இருக்கும், வெளியேறும் மாவுச்சத்து கஞ்சியோடு போய்விடும். உதிரிச் சோற்றுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. விலை என்னவென்றால், அவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைக்கும் எரிபொருளும், வடிக்கும்போது இருக்கும் ஆபத்தும். முழு அண்டாவைச் சாய்த்து வடிப்பதைத் தவிர்க்கலாம். துளையுள்ள பெரிய கரண்டியால் அள்ளி வடிகூடையில் போடுவது பாதுகாப்பு. ஆனால் அள்ளுவதற்குள் ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும், கடைசியில் அள்ளியது கூடுதலாக வெந்திருக்கும். அதனால் அள்ளத் தொடங்கும் முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஒரு பருக்கையை விரலிடையே நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் வடிக்கலாம். சின்னப் பாத்திரச் சோறு இறக்கியதும் ஆறத் தொடங்கும். குவியலாகக் கிடக்கும் 25, 30 கிலோ சோறு அப்படி ஆறாது, தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். அடுப்பில் சரியாக வெந்தது என்று இறக்கினால், இலைக்கு வரும்போது அது குழைந்த சோறு.

மூன்றாவது, ஆவி அலமாரியில் தட்டுத் தட்டாக வேகவைப்பது. 6 சென்டிமீட்டர் ஆழத் தட்டு ஒன்றுக்கு 2 கிலோ அரிசி, அதன்மேல் கொதிநீர். சுற்றிலும் ஆவி இருப்பதால் தண்ணீர் வற்றாது, ஆகவே பச்சரிசிக்கு எடைக்கு ஒன்றேகால் மடங்கே போதும். அரிசியை ஊறவைத்திருந்தால் இன்னும் குறையும். அரை மணிக்குள் பெரும்பாலும் வெந்துவிடும். கிளறல் கிடையாது, அடி பிடிக்காது, வெந்த தட்டிலேயே சூடாக வைத்திருக்கலாம் என்பதால் பாத்திரம் மாற்றும்போது உடைவதும் இல்லை. என் கணக்கில் இதன் பெரிய லாபம் வேறு: ஐந்து தட்டையும் ஒரே நேரத்தில் ஏற்றத் தேவையில்லை. முதலில் இரண்டு, முக்கால் மணி கழித்து ஒன்று, அப்புறம் மீதி என்று ஏற்றினால், எந்தச் சோறும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது. அலமாரி இருந்தால் இதுதான் என் தேர்வு. இல்லாவிட்டால் வடிப்பது, அதையும் 4, 3, 3 கிலோவாகப் பிரித்து.

அரிசி ரகத்தைப் பொறுத்தவரை, காத்திருக்க வேண்டிய சோற்றுக்குப் புழுங்கல்தான். நெல்லிலேயே ஒருமுறை வெந்து காய்ந்ததால் மாவுச்சத்து இறுகியிருக்கும், உடையாது, ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மன்னிக்கும். அதற்குத் தண்ணீரும் நேரமும் அதிகம் வேண்டும், வற்றவிட்டால் 17 லிட்டர் வரை போகும். பச்சரிசியில் நீள ரகம் தாங்கும், குட்டை ரகம் ஒட்டும். எந்த ரகமானாலும் பழைய அரிசி பார்த்து வாங்குவது நல்லது. புது அரிசி குறைவாகத் தண்ணீர் குடித்து சீக்கிரம் குழையும்.

இனி சூடாக வைத்திருப்பது. சோறு விறைத்துவிட்டது என்றதும் காய்ந்துவிட்டது என்று தண்ணீர் தெளிப்பார்கள். விறைப்பும் காய்வும் வேறு வேறு. ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகுவதால், ஈரம் துளி குறையாமலேயே சோறு விறைக்கும். அதற்கு மருந்து தண்ணீர் அல்ல, சூடு: பத்து நிமிடம் ஆவி காட்டினால் திரும்ப மெத்தென்று ஆகும். மேல் அடுக்கு மட்டும் ஓரங்களில் சுருங்கிக் கண்ணாடிபோல் மின்னினால்தான் அது காய்வு. அதற்குக் கொஞ்சம் வெந்நீர் தெளித்து மூடலாம்.

வைக்கும் பாத்திரம் ஆழமில்லாமல் அகலமாக இருக்கட்டும், சோற்றின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அண்டாவில் நிரப்பினால் அடிச்சோறு மேல்பாரத்தில் நசுங்கும். வடித்ததும் பத்து நிமிடம் மூடாமல் ஆவி போகவிட்டு, பிறகு மூடியின் கீழ் உலர்ந்த பருத்தித் துணி விரித்து மூட வேண்டும். துணி இல்லாவிட்டால் மூடியில் கோக்கும் நீர் சொட்டி, மேலே அங்கங்கே கூழாகும். துணி நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

சூடு 63 பாகைக்குக் கீழே போகக் கூடாது. கொதியிலும் சாகாத பாசில்லஸ் செரியஸ் கிருமியின் விதைகள் அரிசியில் இருக்கக்கூடும். வெதுவெதுப்பில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும், அந்த நஞ்சில் வாந்தி உண்டாக்கும் வகை மறுசூட்டிலும் அழியாது. அதனால் மணிக்கொருமுறை குவியலின் நடுவிலும் ஓரத்திலும் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது அவசியம், முதலில் இறங்குவது ஓரம்தான். மீந்ததை அண்டாவோடு ஆறவிடாமல், சூடு இறங்குவதற்குள் இரண்டு விரல் கனத்தில் தட்டுகளில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். வெதுவெதுப்பாகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சோற்றைக் கொட்டிவிட வேண்டியதுதான்.